ஒரு நடையில் எத்தனை ஆர்டர்? வளரும் கிடங்குக்கு பேட்ச், வேவ், ஜோன் பிக்கிங்

பிக்கர் கையில் ஒரு தாள். அதில் ஒரே ஒரு பொருள்: ஒன்பதாவது சந்தின் கடைசி ரேக்கில் இருக்கும் போன் கவர். போய் எடுத்து வந்து பேக்கிங் மேசையில் வைக்கிறார். அடுத்த தாளை எடுக்கிறார். அதிலும் ஒன்பதாவது சந்து, அதே ரேக், முதல் கவருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நிறக் கவர். மறுபடியும் அதே தூரம் போகிறார், வருகிறார்.

நாளைக்கு ஐம்பது ஆர்டர் வரை இது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. முந்நூறைத் தொடும்போது ஆட்கள் போதவில்லை என்று தோன்ற ஆரம்பிக்கும். உண்மையில் பல கிடங்குகளில் ஆள் குறைவாக இருப்பதில்லை, நடைதான் அதிகமாக இருக்கிறது. அந்தக் கட்டத்தில்தான் பேட்ச் பிக்கிங், ஜோன் பிக்கிங், வேவ் பிக்கிங் என்ற மூன்று பெயர்களும் காதில் விழும். கடையில் மூன்று மாடல்களை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுபோல இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் இவை மூன்றும் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல.

பேட்ச் என்பது ஒரு நடையில் எத்தனை ஆர்டரைச் சேர்த்து எடுப்பது என்ற கேள்விக்குப் பதில். ஜோன் என்பது ஒரு ஆள் கிடங்கின் எந்தப் பகுதிக்குள் மட்டும் நடப்பது என்பதற்கு. வேவ் என்பது வந்து சேர்ந்த ஆர்டர்களை எந்த நேரத்தில், எந்தக் கூட்டமாகப் பிக்கர்களிடம் இறக்கிவிடுவது என்பதற்கு. ஆகவே மூன்றையும் ஒரே கிடங்கில் ஒன்றாகவே நடத்தலாம், பெரிய கிடங்குகள் பலவும் அப்படித்தான் நடத்துகின்றன. வளரும் கிடங்கு முடிவுசெய்ய வேண்டியது எதை முதலில் தொடங்குவது என்பதை. என் வரிசை: முதலில் பேட்ச், பிறகு வேவ், கடைசியில் ஜோன். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதல் படி: ஒரு மணி நேரம் பின்னால் நடந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு பிக்கரின் பின்னால் கைக்கடிகாரத்தோடு ஒரு மணி நேரம் நடங்கள். நேரத்தை மூன்றாகப் பிரித்துக் குறியுங்கள்: நடந்தது, ரேக்குக்கு முன்னால் நின்று தேடி எடுத்தது, மற்ற வேலைகள் (தாள் எடுப்பது, மேசையில் வைப்பது, டிராலி தேடுவது). ஆர்டருக்கு ஒரு நடை என்று ஓடும் கிடங்கில் நடைதான் பாதிக்கு மேல் வரும். ஒருவேளை தேடுவது அதிகமாக வந்தால் உங்கள் பிரச்சினை பிக்கிங் முறையே அல்ல. சரக்கு வைத்திருக்கும் ஒழுங்கும் இடக்குறியீடும்தான். அதைச் சரிசெய்யாமல் பேட்ச் தொடங்கினால் ஒரே ஆள் பன்னிரண்டு ஆர்டருக்காக ஒரே நேரத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்து, ஒரு வாரத்து ஆர்டர்களை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு எண்ணிக்கை கேட்ட ஆர்டர்கள் ஒரு பக்கம். மற்றதெல்லாம் இன்னொரு பக்கம். முதல் வகையை ஒற்றை ஆர்டர் என்றும், இரண்டாவதைக் கலவை ஆர்டர் என்றும் சொல்லிக்கொள்வோம். மென்பொருள் இல்லாமல் எக்செல்லில் ஓட்டுபவர்கள், A பத்தியில் ஆர்டர் எண், C பத்தியில் எண்ணிக்கை இருந்தால் இந்த ஒரு வரியைக் கடைசிவரை இழுத்துவிட்டால் போதும்:

```
=IF(SUMIF(A:A,A2,C:C)=1,"S","M")
```

S என்று வருவது ஒற்றை, M என்று வருவது கலவை. இந்தப் பிரிப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆன்லைன் கிடங்கில் நேரத்தை மிச்சப்படுத்தும் மிக எளிய மாற்றம் இதிலிருந்துதான் கிடைக்கிறது.

ஒரு கணக்கு: நாளைக்கு 300 ஆர்டர்

ஒரு கிடங்கை வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு சந்துகள், ஒவ்வொன்றும் 20 மீட்டர். ஒரு நாளைக்கு 300 ஆர்டர். அதில் 180 ஒற்றை. மீதி 120 கலவை, ஒவ்வொன்றிலும் சராசரியாக 3 லைன். லைன் என்றால் பட்டியலில் ஒரு பொருளுக்கான ஒரு வரி. மொத்தம் 540 லைன். பிக்கர் நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறார் என்றும், ரேக்கில் ஒரு லைனை எடுக்க 15 நொடி என்றும், ஒவ்வொரு தாளையும் எடுத்து முடிக்க 30 நொடி என்றும் கொள்வோம்.

ஆர்டருக்கு ஒரு நடை என்றால் ஒற்றை ஆர்டருக்குச் சராசரி 100 மீட்டர், கலவைக்கு 180 மீட்டர் ஆகிறது. அப்படியானால் மொத்தம் 39,600 மீட்டர். அதாவது நடைக்கு மட்டும் 11 மணி நேரம். எடுப்பதற்கு இரண்டேகால் மணி, தாள் வேலைக்கு இரண்டரை மணி. கூட்டினால் பதினைந்தே முக்கால் ஆள்-மணி நேரம்.

இப்போது கலவை ஆர்டர்களைப் பன்னிரண்டு பெட்டி வைத்த டிராலியில் எடுப்போம். 120 ஆர்டருக்குப் பத்து நடை. ஒரு நடையில் 36 லைன் என்பதால் ஏறக்குறைய எல்லாச் சந்துக்குள்ளும் போக வேண்டியிருக்கும். பாம்பு போல வளைந்து வளைந்து போய் வந்தால் சுமார் 300 மீட்டர். பத்து நடைக்கு 3,000 மீட்டர், 50 நிமிடம். எடுத்த பொருளைச் சரியான பெட்டியில் போட வேண்டும் என்பதால் லைனுக்கு 15 நொடி 20 ஆகிறது, ஆக 2 மணி நேரம். டிராலி தயார் செய்ய நடைக்கு 4 நிமிடம், ஆக 40 நிமிடம். மொத்தம் மூன்றரை மணி.

ஒற்றை ஆர்டர்களுக்குப் பெட்டியே வேண்டாம். முப்பது ஆர்டருக்கான பொருள்களை ஒரே பெரிய தொட்டியில் கலந்து எடுத்து வரலாம். ஆறு நடை, எல்லாம் சேர்த்து நடக்க 30 நிமிடம், எடுக்க 45 நிமிடம், தயாரிப்புக்கு 18 நிமிடம். ஏறத்தாழ ஒன்றரை மணி.

இரண்டும் சேர்த்து 5 மணி நேரம். பதினைந்தே முக்கால் இருந்த இடத்தில் ஐந்து. கட்டடம், ரேக், ஆட்கள் எதுவும் மாறவில்லை. உங்கள் கிடங்கின் எண்கள் வேறாக இருக்கும், ஆகவே உங்கள் அளவுகளைப் போட்டே கணக்கிடுங்கள். ஆனால் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது மாறாது: நடை 39,600 மீட்டரிலிருந்து 4,800 மீட்டராகிவிட்டது.

பெட்டியைக் கூட்டிக்கொண்டே போகலாமா என்று உடனே தோன்றும். கலவை ஆர்டருக்கு 180 மீட்டராக இருந்த நடை, பன்னிரண்டு பெட்டி வைத்ததும் ஆர்டருக்கு 25 மீட்டரானது. இருபத்துநான்கு பெட்டி வைத்தால் அதே 300 மீட்டரைப் பகிர்ந்து ஆர்டருக்குப் பன்னிரண்டரை மீட்டர். முதல் பன்னிரண்டு பெட்டியில் 155 மீட்டர் மிச்சம், அடுத்த பன்னிரண்டில் பன்னிரண்டரை மீட்டர்தான் மிச்சம். அதற்குப் பதிலாக டிராலி கனமாகும், சந்தில் திரும்பாது, தவறான பெட்டியில் பொருள் விழுவது கூடும், முதல் பெட்டிக்காரரின் ஆர்டர் கடைசிப் பெட்டி நிரம்பும் வரை காத்திருக்கும். பத்து, பன்னிரண்டோடு தொடங்குங்கள். அதற்கு மேல் போக வலுவான காரணம் வேண்டும்.

இரண்டாம் படி: பேட்ச் டிராலியைத் தயார் செய்வது

பெட்டிகளுக்கு எண் ஒட்டும்போது ஒரு சிறு விஷயம். 6, 9 ஆகிய இரண்டும் தலைகீழாக ஒன்றுபோலவே தெரியும். பெட்டியைக் கழற்றித் திருப்பி மாட்டினால் ஆறாம் பெட்டி ஒன்பதாகிவிடும். எண்ணுக்கு அடியில் தடித்த கோடு போடுங்கள், அல்லது வரிசைக்கு ஒரு நிறம் கொடுங்கள். மேல் வரிசை நீலம், நடு மஞ்சள், கீழ் வரிசை பச்சை என்றால் "மஞ்சள் 6" என்று தாளில் அச்சிடலாம். கண் முதலில் நிறத்தைத்தான் பிடிக்கும்.

அடுத்தது நடை வரிசை. பட்டியலை இடக்குறியீட்டின்படி அடுக்கினாலே போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். `A-01` முதல் `A-20` வரை போய்ச் சந்தின் கோடியில் நிற்கும் பிக்கரைப் பட்டியல் அடுத்து `B-01`-க்கு அனுப்பும். அது B சந்தின் இந்தத் தலையில் இருக்கிறது. அவர் வெறுங்கையோடு 20 மீட்டர் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு சந்திலும் இதே கதை. இதற்காக ஒவ்வொரு இடத்துக்கும் குறியீட்டைத் தவிர ஒரு நடை எண் கொடுத்துவிடுங்கள். A சந்தில் 1 முதல் 20 வரை ஏறுமுகமாக, B சந்தில் கோடியில் இருக்கும் `B-20`-க்கு 21, முன்னால் இருக்கும் `B-01`-க்கு 40. C மறுபடியும் ஏறுமுகம். பட்டியலை நடை எண்ணின்படி அடுக்கினால் பிக்கர் தானாகவே பாம்பு வளைவாகப் போவார். குறியீட்டில் ஒற்றை இலக்கம் இருந்தால் (`A-2`) அதை இரண்டாக்கிவிடுங்கள் (`A-02`). இல்லையென்றால் கணினி `A-10`-ஐ `A-2`-க்கு முன்னால் வைத்துவிடும்.

ஒற்றை ஆர்டர் தொட்டி பேக்கிங் மேசைக்கு வந்ததும் எந்தப் பொருள் யாருக்கு என்று பிரிக்க வேண்டும். ஸ்கேனரோடு மென்பொருள் இருந்தால், பொருளின் பார்கோடைத் தட்டியதும் அந்தப் பொருளுக்காகக் காத்திருக்கும் மிகப் பழைய ஆர்டரின் லேபிள் அச்சாகும்படி அமைக்கலாம். மென்பொருள் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. லேபிள்களைப் பொருள்வாரியாக அடுக்கி அச்சிடுங்கள். கறுப்புக் கவருக்கு எட்டு லேபிள், மேசையில் எட்டுக் கறுப்புக் கவர். ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போனால் கடைசியில் லேபிளும் தீர வேண்டும், கவரும் தீர வேண்டும். ஒன்று மிஞ்சினால் தவறு அந்த மேசையிலேயே, வண்டி ஏறுவதற்கு முன்பே பிடிபட்டுவிடும்.

கலவை டிராலியில் தவறு இப்படி உடனே தெரியாது. அங்கே நடக்கும் தவறு இரண்டு வகை. ஒன்று, ரேக்கிலேயே தவறான பொருளை எடுப்பது. இன்னொன்று, சரியான பொருளை எடுத்துத் தவறான பெட்டியில் போடுவது. மூன்று பெட்டிக்கு ஒரே சார்ஜர் ஒயர் வேண்டும், மொத்தம் ஐந்து. நாலாம் பெட்டிக்கு 2, ஐந்துக்கு 1, பதினொன்றுக்கு 2. பிக்கர் ஐந்தையும் சரியாக எடுத்து, நாலில் ஒன்றும் ஐந்தில் இரண்டும் போட்டுவிட்டார். மொத்த எண்ணிக்கை சரி, ரேக் இருப்பும் சரி. ஒரு வாடிக்கையாளருக்குக் குறைவு, இன்னொருவருக்கு அதிகம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? புகார்களை நடைவாரியாகப் பாருங்கள். ஒரே நடையில் ஒருவருக்குக் குறைந்தும் இன்னொருவருக்குக் கூடியும் போயிருந்தால் அது பெட்டியில் போடும்போது வந்த தவறு. அதற்கு மருந்து பெட்டியையும் ஸ்கேன் செய்ய வைப்பது, அல்லது பெட்டி எண்ணிக்கையைக் குறைப்பது. ஒரே நடையில் பலருக்கும் ஒரே தவறான பொருள் போயிருந்தால் அது ரேக்கில் வந்த தவறு. ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பொருள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள், பிரித்து வையுங்கள். கூடுதலாக வந்தவர்கள் பெரும்பாலும் புகார் சொல்வதில்லை என்பதால், ஜோடியில் பாதிதான் உங்கள் கண்ணுக்குத் தெரியும். குறைவு என்று ஒரு புகார் வந்தால் அந்த நடையின் மற்றப் பெட்டிகளையும் ஒரு முறை சரிபாருங்கள்.

மூன்றாம் படி: வேவ், அதாவது வண்டி நேரத்திலிருந்து பின்னோக்கி

பேட்ச் ஓட ஆரம்பித்ததும் புதிதாக ஒரு தலைவலி வரும். வேலை வேகமாக நடக்கும், ஆனால் ஐந்தரைக்குக் கூரியர் வண்டி வரும்போது தயாராக இருப்பது இரவு வண்டிக்கான பார்சல்களாக இருக்கும். பிக்கர்கள் வந்த வரிசையில் எடுத்திருப்பார்கள். வேவ் இந்தப் பிரச்சினைக்குத்தான். ஒரு குறிப்பிட்ட வண்டியில் போக வேண்டிய ஆர்டர்களை ஒரு கூட்டமாகக் கட்டி, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இறக்கிவிடுவது. அந்தக் கூட்டத்துக்குள் பிக்கிங் பேட்ச் முறையிலேயே நடக்கும்.

வேவ் நேரத்தை முன்னிருந்து குறிக்காதீர்கள். வண்டி நேரத்திலிருந்து பின்னால் வாருங்கள். வண்டி 5.30-க்கு என்று வைத்துக்கொள்வோம். பார்சல்களை எண்ணிச் சரிபார்த்து வாசலில் அடுக்க 15 நிமிடம்; ஆகவே கடைசிப் பார்சல் 5.15-க்குள் ஒட்டி முடிந்திருக்க வேண்டும். இந்த வண்டிக்கு 150 ஆர்டர். மூன்று பேர் பேக் செய்கிறார்கள், ஆளுக்கு மணிக்கு 25. மொத்தம் மணிக்கு 75, ஆக 2 மணி நேரம். பேக்கிங் 3.15-க்குத் தொடங்க வேண்டும். முதல் டிராலி நிரம்பி மேசைக்கு வர 25 நிமிடம், அது 2.50. ரேக்கில் பொருள் இல்லாமல் போவது, பார்கோடு படிக்காமல் போவது போன்றவற்றுக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். 2.30. வேவை இறக்க வேண்டிய நேரம் இதுதான். இணையதளத்தில் "இன்றே அனுப்பப்படும்" என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கும் கடைசி நேரமும் இதைத் தாண்டக் கூடாது. விற்பனைப் பிரிவு மாலை நான்கு மணி வரை என்று போட்டுவிட்டால் கிடங்கில் யார் எவ்வளவு ஓடினாலும் அந்த வாக்கு உடையும்.

இந்தக் கணக்கில் எங்கே நெருக்கடி என்பதைக் கவனித்தீர்களா? பிக்கிங்கில் அல்ல, பேக்கிங்கில். முந்நூறு ஆர்டருக்குப் பிக்கிங் 5 ஆள்-மணி நேரம் என்று பார்த்தோம். பேக்கிங் அதே வேகத்தில் 12 ஆள்-மணி நேரம். பிக்கிங்கைச் சரிசெய்த பிறகு ஒரு பிக்கரைப் பேக்கிங் மேசைக்கு மாற்றினாலே வேவ் அரை மணி தள்ளிப் போகலாம். வேவ் நேரம் இறுக்கமாக இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

வேவ் முறைக்கே உரிய ஒரு கெட்ட குணம் உண்டு. தொடக்கத்தில் பேக்கர்கள் கைகட்டி நிற்பார்கள், டிராலி இன்னும் வரவில்லை. முடிவில் பிக்கர்கள் கைகட்டி நிற்பார்கள், அடுத்த வேவ் இன்னும் இறங்கவில்லை. நாளைக்கு மூன்று வேவ் என்றால் மூன்று முறை இந்தப் பள்ளம். இதை நிரப்ப ஒற்றை ஆர்டர்களைப் பயன்படுத்துங்கள். எந்தப் பொருளோடும் சேருவதற்காக அவை காத்திருக்க வேண்டியதில்லை, ஆகவே எப்போது எடுத்தாலும் உடனே பேக் செய்யலாம். அடுத்த வண்டிக்கான ஒற்றை ஆர்டர்களில் முப்பது, நாற்பதை எப்போதும் கையிருப்பாக வைத்திருங்கள். பிக்கர் சும்மா நிற்பது தெரிந்ததும் ஒரு தொட்டி இறக்குங்கள்.

பொருள் கிடைக்காத ஆர்டருக்குத் தனி விதி வேண்டும். டிராலியிலேயே வைத்துக்கொண்டு தேடினால் மற்ற பதினொரு ஆர்டரும் சேர்ந்து நிற்கும். அந்தப் பெட்டியை மட்டும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தனி ரேக்கில், நேரம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தேடுவது ஒருவர் வேலை. புதிதாக வந்து இன்னும் அடுக்காத சரக்கையும் வேறு இடங்களையும் அவர் பார்க்கட்டும். 15 நிமிடத்தில் கிடைக்கவில்லையென்றால் அந்த ஆர்டர் இந்த வேவிலிருந்து வெளியே.

நான்காம் படி: ஜோன், அவசரப்படாமல்

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிடங்கில் ஜோனைத்தான் முதலில் கொண்டுவந்தோம். நாளைக்கு இருநூறு சொச்சம் ஆர்டர் இருந்த காலம். சந்துகளை மூன்று சமபாகமாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பகுதி கொடுத்தோம். காகிதத்தில் அழகாக இருந்தது. நடு ஜோனில்தான் வேகமாக ஓடும் பொருள்கள் எல்லாம் இருந்தன. அங்கே ஆள் வியர்த்து ஓட, மூன்றாவது ஜோனில் இருந்தவர் வேலைக்காகக் காத்திருந்தார். கலவை ஆர்டர்களில் பெரும்பாலானவை இரண்டு ஜோனையாவது தொட்டன. பாதி ஆர்டர்கள் மேசையில் வந்து குவிந்தன, மீதிப் பாதி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பேக் செய்ய வேண்டியவர்கள் குவியலில் ஜோடி தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரத்தில் திரும்பப் பழைய முறைக்கே வந்தோம். பேட்ச் டிராலி ஒன்றை முதலில் செய்திருந்தால் அந்த மூன்று வாரத்துக்கு அவசியமே இருந்திருக்காது.

ஜோன் வேண்டிய நேரம் தானாகவே அடையாளம் காட்டும். சந்துகளில் டிராலிகள் எதிரெதிரே வந்து ஒன்று பின்வாங்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் இது எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அல்லது கிடங்கு இன்னொரு தளத்துக்கோ பக்கத்துக் கூடத்துக்கோ பரவி, ஒரு பேட்ச் நடை 300 மீட்டருக்குப் பதில் ஆயிரத்தைத் தொடும். அல்லது பூட்டி வைக்க வேண்டிய விலையுயர்ந்த பொருள், இரண்டு பேர் தூக்க வேண்டிய பெரிய பொருள் என்று கையாளும் விதமே வேறான சரக்கு சேரும். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஆர்டர் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் தனி ஜோன் நியாயம்.

நம் கிடங்கு 1,200 ஆர்டருக்கு வளர்ந்துவிட்டது என்று கொள்வோம். அதே விகிதத்தில் 2,160 லைன். இடத்தைச் சமமாக மூன்றாகப் பிரித்தபோது முதல் ஜோனில் 1,080 லைன், இரண்டாவதில் 650, மூன்றாவதில் 430 வருகிறது. மணிக்கு 90 லைன் எடுக்கும் வேகத்தில் முதல் ஜோனுக்கு 12 மணி, மூன்றாவதுக்கு ஐந்து மணிகூட இல்லை. எல்லையை இடத்தைப் பார்த்துப் போடாமல் லைனைப் பார்த்துப் போட வேண்டும். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு இடத்திலிருந்தும் எத்தனை லைன் எடுக்கப்பட்டது என்பதை நடை எண் வரிசையில் அடுக்கி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு நாள் கணக்கில் 720 வரும் இடம் முதல் எல்லை, 1,440 வரும் இடம் இரண்டாவது. முதல் ஜோன் இரண்டு சந்தாகவும் மூன்றாவது ஆறு சந்தாகவும் அமைந்தால் அதில் தவறே இல்லை.

எல்லை போட்ட பிறகும் ஒரு முடிவு பாக்கி. கலவை ஆர்டரின் பெட்டி ஒவ்வொரு ஜோனாகக் கைமாறிப் போவதா, அல்லது மூன்று ஜோனிலும் ஒரே நேரத்தில் எடுத்துப் பிறகு ஓரிடத்தில் சேர்ப்பதா? கைமாற்றும் முறையில் சேர்க்கும் வேலை இல்லை. மூன்றாவது ஜோனைத் தாண்டியதும் பெட்டி முழுமையாக இருக்கும். ஆனால் ஒரு ஜோன் தடுமாறினால் அதற்கு முன்னால் பெட்டிகள் குவியும், பின்னால் இருப்பவர் சும்மா நிற்பார்.

இதற்கு அழகான ஒரு தீர்வை ஜான் பார்தோல்டி, டொனால்ட் ஐசன்ஸ்டீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-இல் கணிதமாக நிறுவினார்கள். நிலையான எல்லையையே எடுத்துவிட வேண்டும். கடைசி ஆள் தன் பெட்டியை முடித்ததும் பின்னோக்கி நடந்து, வரிசையில் தனக்கு முந்தைய ஆளின் கையில் உள்ள பெட்டியை அந்த இடத்திலேயே வாங்கிக்கொள்வார். அந்த ஆள் தனக்கு முந்தையவரிடம் வாங்குவார். மெதுவாக வேலை செய்பவர் தொடக்கத்திலும் வேகமானவர் கடைசியிலும் நின்றால் வேலை தானாகவே சமமாகப் பங்காகிவிடும். ஆள்களின் வேகம் தெளிவாக வேறுபடும் இடத்தில் இதை முயன்று பார்க்கலாம். ஆனால் சந்தில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தாண்டாமல் வரிசை காக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் எடுக்கும் முறைக்குச் சேர்ப்புச் சுவர் வேண்டும். இரண்டு பக்கமும் திறந்த, அறை அறையாகப் பிரித்த ஒரு ரேக். ஒரு பக்கத்தில் நின்று ஒருவர் வரும் பொருள்களை ஆர்டருக்கு ஒரு அறை என்று போடுவார். மறுபக்கத்தில் நிற்கும் பேக்கர் நிரம்பிய அறையை எடுத்துப் பேக் செய்வார். ஒற்றை ஆர்டர்கள் இந்தச் சுவர்ப் பக்கமே வரக் கூடாது, அவை நேராகத் தங்கள் மேசைக்குப் போகட்டும்.

சுவர் வந்ததும் வேவ் அளவு உங்கள் விருப்பமாக இருப்பதில்லை. 1,200-இல் கலவை ஆர்டர் 480. சுவரில் 60 அறை இருந்தால் ஒரு வேவில் 60 கலவை ஆர்டருக்கு மேல் இறக்க முடியாது. நாளைக்கு எட்டு வேவ். எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குள் சுவரைவிட்டு வெளியேற வேண்டும். ஒரு அறை நிரம்பாமல் நின்றால் அடுத்த வேவில் 59 இடம்தான். ஐந்து நின்றால் 55. சுவர் மெதுவாக அடைபடுவது இப்படித்தான். யாரோ ஒரு நாள் கவனிக்கும்போது பாதிச் சுவர் நேற்றைய ஆர்டர்களால் நிறைந்திருக்கும்.

அதனால் ஒவ்வொரு வேவ் முடிவிலும் இன்னும் திறந்திருக்கும் அறைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த ஜோனின் பொருள் பாக்கி என்று ஒரு நோட்டில் கோடு போட்டால் போதும். ஒரு வாரத்துக் கோடுகள் எல்லா ஜோனிலும் சிதறிக் கிடந்தால் காரணம் இருப்பு தவறாக இருப்பது. ரேக்கைப் போய் எண்ண வேண்டும். ஒரே ஜோன் பக்கமாகக் கோடுகள் குவிந்தால் அந்த ஜோனுக்கு லைன் அதிகமாகிவிட்டது. மறுபடியும் இரண்டு வாரக் கணக்கை எடுத்து, கூட்டி, எல்லையை நகர்த்துங்கள். எந்தப் பொருள் வேகமாக ஓடுகிறது என்பது மாறிக்கொண்டே இருப்பதால் இந்த எல்லையை மாதம் ஒரு முறையாவது தொட வேண்டியிருக்கும். அப்போது நடை எண்ணை மாற்ற வேண்டாம், ஜோன் முடியும் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.